தடுமாறும் குழுவுக்கு எந்தத் தலைமை?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, என் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். கல்லூரியில் வணிக நிர்வாகம் படிக்கிறாள். சனிக்கிழமை அவளுக்குத் தேர்வு. முதல் படத்தில் பயிற்சித் தாளின் ஒரு கேள்வி இருந்தது. இரண்டாவது படத்தில் அவள் எழுதிய பதிலும், விரிவுரையாளர் சிவப்பு மையில் போட்ட மதிப்பெண்ணும் இருந்தன: 20-க்கு 8.

உடனே தொலைபேசியிலும் அழைத்துவிட்டாள். "அத்தை, நீங்க இத்தனை வருஷமா கிடங்குல ஆளுங்களை வச்சு வேலை வாங்குறீங்க. இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க. நான் நல்லதைத்தானே எழுதியிருக்கேன்?"

பதிலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலியும் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நேர்முகத் தேர்வில் நான் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட இதுதான். எனக்கு மதிப்பெண் போடவில்லை, பதவி உயர்வுதான் கைநழுவிப் போனது.

கேள்வி இப்படி இருந்தது. ஒரு பார்சல் பிரிப்பு நிலையம். ஒரு ஷிப்டில் 14 பேர், சுமார் 4,000 பார்சல்கள். முன்பு 1,000 பார்சலுக்கு 6 தவறான தடத்தில் போகும். கடந்த மூன்று மாதங்களில் அது 19 ஆகிவிட்டது. பழைய மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனபின் யார் எங்கே நிற்பது என்பதில் தினமும் குழப்பம். இலக்கை எட்டினால் மாதம் 150 வெள்ளி ஊக்கத்தொகை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. குழு இரண்டு மாதங்கள் எட்டியது, பணம் வரவில்லை. அதிகம் பார்சல் வரும் பெருநாள் காலத்துக்கு இன்னும் ஆறு வாரங்கள். புதிய மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்கும் நீங்கள் பரிமாற்றத் தலைமைத்துவம், உருமாற்றத் தலைமைத்துவம் ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்?

அவள் உருமாற்றத் தலைமைத்துவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். எல்லாரையும் உட்காரவைத்து நிலையத்தின் தொலைநோக்கை விளக்குவேன், ஊக்கம் தருவேன், நானே முன்மாதிரியாக இருப்பேன் என்று இரண்டு பக்கங்கள். எழுத்தில் குறை இல்லை. ஆனால் கேள்வியில் இருந்த அந்த 14 பேரில் ஒருவர்கூட அந்தப் பதிலில் இல்லை.

இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1978-இல் ஜேம்ஸ் மெக்கிரகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அரசியல் தலைவர்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பிரிவைக் கொண்டுவந்தார். ஒருவகைத் தலைவர் கொடுக்கல் வாங்கலால் நடத்துகிறார்: நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன். இன்னொரு வகைத் தலைவர், பின்தொடர்பவர்கள் எதை முக்கியமாக நினைக்கிறார்களோ அதையே மாற்றிவிடுகிறார். பர்ன்ஸ் பார்வையில் இவர்கள் இரு வேறு வகையினர்.

1985-இல் பெர்னார்ட் பாஸ் இதை அலுவலகங்களுக்கும் ராணுவத்துக்கும் கொண்டுவந்தபோது ஒரு முக்கியமான திருத்தம் செய்தார். ஒரே தலைவர் இரண்டையும் செய்யலாம், செய்யவும் வேண்டும் என்றார். அவர் கணக்கில் உருமாற்றம் என்பது பரிமாற்றத்தின் மேல் கட்டப்படும் மாடி. கீழ்த்தளம் இல்லாமல் மாடி நிற்காது.

பாடப்புத்தகத்தில் இது நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் மனத்தில் தங்குவது வேறு: பரிமாற்றம் என்றால் பழைய காலத்து முதலாளித்தனம், உருமாற்றம் என்றால் உயர்ந்த பண்பு. அதனால் எந்தக் கேள்வி வந்தாலும் கை தானாகவே உருமாற்றத்தை எழுதிவிடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் நேர்முகத் தேர்வில், இரவு ஷிப்டில் சரக்கு ஏற்றும் எட்டுப் பேர் தாமதமாக வருகிறார்கள், பெட்டிகள் சேதமாகின்றன, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். குடும்பம் போன்ற உணர்வை வளர்ப்பேன், அவர்களுக்கு ஒரு கனவைத் தருவேன் என்று பத்து நிமிடம் பேசினேன். எதிரே இருந்த மூத்த அதிகாரி ஒருவர், சீன அம்மையார், பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாளை இரவு ஷிப்ட் தொடங்குகிறது. உங்கள் முதல் அரை மணி நேரத்தில் என்ன நடக்கும்?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதவி வேறு ஒருவருக்குப் போனது.

சில வாரங்கள் கழித்து அவரையே கேண்டீனில் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் அண்ணன் மகளுக்கும் சொன்னேன். கேள்வியில் உள்ள குழுவில் ஒருவரை மனத்துக்குள் எதிரே நிறுத்துங்கள். "ஏன் வேலை சரியாக நடக்கவில்லை?" என்று அவரைக் கேளுங்கள். அவர் என்ன சொல்வார் என்பதற்கான தடயம் கேள்விக்குள்ளேயே இருக்கும்.

"நான் என்ன செய்யணும்னே தெரியல, செஞ்சாலும் சொன்னதைத் தரமாட்டாங்க" என்று அவர் சொல்வார் என்றால், உடைந்திருப்பது கொடுக்கல் வாங்கல். அங்கே பரிமாற்றத் தலைமைத்துவம்தான் முதலில். "என்ன செய்யணும்னு தெரியும், சம்பளமும் ஒழுங்கா வருது, ஆனா இதையெல்லாம் எதுக்குச் செய்யணும்?" என்பார் என்றால், அங்கே உருமாற்றம். "எப்படிச் செய்யறதுன்னு யாரும் சொல்லித் தரல" என்பார் என்றால், இரண்டுக்கும் முன்னால் பயிற்சி. என்ன, எதுக்கு, எப்படி. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் பேனாவைத் திறக்கக்கூடாது.

"சரி, இந்தக் கேள்வியில அவர் என்ன சொல்வார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "எங்க நிக்கணும்னு தெரியல. 300 வெள்ளி வரணும், வரல."

"அப்படிப்பட்டவர்கிட்ட போய் நீ தொலைநோக்கு பேசினா?"

"திட்டுவார், அத்தை."

அதுதான் விஷயம். ஏமாற்றப்பட்ட ஒருவர் காதில் ஊக்க உரை இன்னொரு ஏமாற்றாகத்தான் விழும். நிர்வாகம் பணத்துக்குப் பதிலாக வார்த்தைகளை அனுப்பியிருக்கிறது என்றே நினைப்பார்.

இருவரும் சேர்ந்து பதிலைப் புதிதாகக் கட்டினோம். முதல் நாள் என்ன நடக்கும்? வெள்ளைப் பலகையில் 14 பேருக்கும் இடம் எழுதப்படும்: லாரியிலிருந்து இறக்க 4 பேர், ஸ்கேன் செய்ய 3 பேர், பிரிக்க 5 பேர், ஏற்ற 2 பேர். ஷிப்ட் தொடங்கும் முன்பே அவரவர் தம் பெயரைப் பார்த்துவிடலாம். தினமும் நடக்கும் வாக்குவாதம் இதோடு நிற்கும்.

அதே நாளில் நிலுவைப் பணம். ஒருவருக்கு 300 வெள்ளி, 14 பேருக்கு 4,200 வெள்ளி. இதைக் கொடுக்கும் அதிகாரம் மேற்பார்வையாளருக்குப் பெரும்பாலும் இருக்காது. அதைப் பதிலில் மறைக்கக்கூடாது. மேலாளரிடம் கொண்டுபோய், எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு, அந்தத் தேதியை அப்படியே குழுவிடம் சொல்ல வேண்டும். மறுத்துவிட்டார்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும். அந்த நிலையில் புதிதாக எந்தப் பண வாக்குறுதியும் தரக்கூடாது. மேற்பார்வையாளர் கையில் இருப்பதை மட்டும் தரலாம்: ஓய்வு நாளைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை, ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி, விடுப்பு விண்ணப்பத்துக்கு உடனே பதில். சிறியதாக இருந்தாலும் சொன்னது நடக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். நம்பிக்கை இப்படித்தான் திரும்பத் தொடங்கும்.

பிறகு இலக்கு. 19-ஐ ஒரே வாரத்தில் 6 ஆக்கு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது வார முடிவில் 12, ஆறாவது வார முடிவில் 8 என்று வைத்தோம். இலக்கை எட்டினால் என்ன கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்கும். பாடத்தில் இதற்குப் பெயர் நிபந்தனை வெகுமதி.

அடுத்தது கண்காணிப்பு. தவறு வாடிக்கையாளரிடம் போய், புகாராகத் திரும்பி வரும்வரை காத்திருப்பது ஒரு வகை. தவறு நடக்கும் இடத்திலேயே தேடிப் பிடிப்பது இன்னொரு வகை. இரண்டையும் பாடப்புத்தகம் பரிமாற்றத் தலைமையில்தான் சேர்க்கிறது. ஆனால் முதலாவது பெயருக்குத்தான் தலைமை. இரண்டாவது வகைக்கு ஓர் எளிய வழி எழுதினோம்: மணிக்கு ஒருமுறை, பிரித்து முடித்த கூண்டுகளிலிருந்து 50 பார்சல்களை எடுத்துப் பார்ப்பது. எட்டு மணி நேரத்தில் 400 பார்சல்கள். 1,000-க்கு 19 என்ற நிலையில் ஏழெட்டுத் தவறுகள் கண்ணில் படும். 6 என்ற நிலைக்கு வந்தால் இரண்டு மூன்றுதான் படும். மாத அறிக்கை வரும்முன், அந்த வாரத்திலேயே நிலைமை தெரிந்துவிடும்.

இங்கே என் அனுபவத்தில் கண்ட ஓர் ஆபத்தையும் அவளை எழுதச் சொன்னேன். வெகுமதியை எதற்குக் கொடுக்கிறோமோ அது மட்டும்தான் வளரும். வேகத்துக்குக் கொடுத்தால் தவறு கூடும். தவறு குறைந்ததற்கு மட்டும் கொடுத்தால் வேலை மெதுவாகும், இல்லாவிட்டால் தவறு ஒளிந்துகொள்ளும். பிற்பாடு நான் மேற்பார்வையாளரான முதல் ஆண்டில் தவறு விகிதம் அழகாகக் குறைந்தது. பெருமையாக இருந்தேன். பிறகுதான் கவனித்தேன், 'முகவரி தெளிவில்லை' என்று ஒதுக்கிவைக்கும் கூண்டு மட்டும் தினமும் நிரம்பி வழிந்தது. சந்தேகம் உள்ள பார்சலையெல்லாம் அதில் போட்டுவிட்டால் அவர்கள் கணக்கில் தவறு வராது. அவர்கள் மேல் குற்றம் இல்லை. நான் வைத்த பேரத்தை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து தவறு, வேகம், அந்தக் கூண்டு மூன்றையும் சேர்த்தே பார்க்கிறேன்.

"அப்போ உருமாற்றத் தலைமைத்துவத்தைப் பத்தி எழுதவே வேணாமா?" என்று கேட்டாள். எழுத வேண்டும், ஆனால் உரிய இடத்தில். பலகை ஒழுங்காகி, பணப் பேச்சு தீர்ந்து, தவறு 12-க்கு இறங்கியபின், அந்த எண் அதற்குக் கீழே போக மறுக்கலாம். பேரத்தால் வாங்கக்கூடியதை வாங்கியாயிற்று என்பதற்கு அது ஓர் அடையாளம். அப்போதுதான் பிரிக்கும் ஐவரையும் அழைத்து, "எந்த இரண்டு தடங்கள் அதிகம் குழம்புகின்றன? நீங்களாக இருந்தால் கூண்டுகளை எப்படி வைப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். பாஸ் சொல்லும் நான்கு கூறுகளில் அறிவைத் தூண்டுதல் என்பது இதுதான். அஞ்சல் எண்ணைப் படிக்கத் திணறுபவரை ஸ்கேன் பகுதிக்கு மாற்றி, பக்கத்தில் ஒருவரை நிறுத்திச் சொல்லிக் கொடுப்பது தனிமனித அக்கறை. மற்ற இரண்டும், அதாவது முன்மாதிரியாக இருப்பதும் நம்பிக்கையூட்டுவதும், பேசிக் காட்டுவதை விட, சொன்ன தேதியில் பணம் வந்த அன்று தானாக நடந்துவிடும்.

அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. "ஆனா அத்தை, ஆராய்ச்சியெல்லாம் உருமாற்றம்தான் சிறந்ததுன்னு சொல்லுதே?" நல்ல கேள்வி. 2004-இல் டிமதி ஜட்ஜ், ரொனால்ட் பிக்கோலோ என்ற இருவர், அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். நல்ல விளைவுகளோடு உருமாற்றத் தலைமைக்கு இருந்த தொடர்பு 0.44. நிபந்தனை வெகுமதிக்கு 0.39. முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. ஆக, இரண்டுக்கும் இடைவெளி நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பொறுப்பைக் கைகழுவிவிட்டு ஒதுங்கி நிற்கும் தலைமைக்குத்தான் தெளிவான பாதகம் தெரிந்தது. விரிவுரையாளர் எதிர்பார்ப்பதும் இந்தப் புரிதலைத்தான்.

பிறகு நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். அதே நிலையம், அதே 14 பேர். இடங்கள் தெளிவு, ஊக்கத்தொகை மாதாமாதம் வருகிறது, தவறு விகிதம் பல ஆண்டுகளாக 6-இலேயே நிற்கிறது. இப்போது நிர்வாகம் தானியங்கிப் பிரிப்பு இயந்திரம் கொண்டுவருகிறது. மூத்தவர்கள் இருவர், "இது நம்மை வீட்டுக்கு அனுப்பத்தான்" என்கிறார்கள். பயிற்சிக்கு அழைத்தால் வந்து உட்காருகிறார்கள், ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இப்போது குழு உறுப்பினர் என்ன சொல்வார்?

"எதுக்கு இதெல்லாம்னு கேப்பார்."

இங்கே ஊக்கத்தொகையை 200 வெள்ளியாக ஆக்கினாலும் பயன் இல்லை. பயம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. இந்த மாற்றத்தில் தனக்கு என்ன இடம் என்பதைப் பற்றியது. இயந்திரம் வந்தபின் யாருக்கு என்ன வேலை என்று நேர்மையாகச் சொல்வதும், அந்த மூத்தவர்கள் இருவரையே சோதனை ஓட்டத்தில் சேர்த்து அவர்கள் சொல்லும் குறைகளைப் பதிவு செய்வதும், புதிய வேலைக்கு ஒவ்வொருவரையும் தயார் செய்வதும்தான் வழி. இது உருமாற்றத் தலைமைத்துவத்துக்கான கேள்வி. இங்கே வெகுமதி அட்டவணையை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

மூன்றாவதாக ஒன்றும் கொடுத்தேன். அதே குழு. ஆனால் 14 பேரில் 6 பேர் போன வாரம்தான் சேர்ந்தவர்கள், பயிற்சி அரை நாள் மட்டும். தவறு 19. இங்கே புதியவர்களுக்கு மனம் இருக்கிறது, பணத்தில் குறை இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். வெகுமதி அறிவித்தால் பதற்றம் கூடும். தொலைநோக்கு பேசினால் தலையாட்டுவார்கள், பார்சல் மறுபடியும் தவறான கூண்டுக்கே போகும். பழையவர் ஒருவரோடு புதியவர் ஒருவரை இரண்டு வாரங்கள் இணைத்துவிடுவதுதான் முதல் வேலை. கேள்வி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வற்புறுத்தினால், தனிமனித அக்கறையின் கீழ் இந்தப் பயிற்சியை எழுதலாம். ஆனால் எந்தத் தலைமைப் பாணியும் பயிற்சிக்கு மாற்று ஆகாது என்று ஒரு வரி சேர்ப்பது நேர்மை.

பதினொரு மணி ஆகிவிட்டது. கடைசியாக ஒன்று சொன்னேன். கேள்வியின் வினைச்சொல்லைப் பார். 'முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் அடுத்த சில வாரங்களைப் பற்றி எழுது. 'நீண்ட காலத்துக்கு' என்று கேட்டால் கொடுக்கல் வாங்கலைச் சரிசெய்வது ஒரு பத்தி, மீதி எல்லாம் உருமாற்றம். ஒரே குழுவுக்கு இரண்டு பதில்களும் சரியாக இருக்கலாம், காலம்தான் வேறு.

அந்த நேர்முகத் தேர்வுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து எனக்கு அதே பதவிக்கு மறுபடியும் வாய்ப்பு வந்தது. அப்போது முதல் அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசினேன்: பெயர்ப் பட்டியல், யார் எந்த லாரி, சேதமான பெட்டியை யாரிடம் காட்டுவது. கனவு பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பொறுப்பேற்று நான்கு மாதங்கள் ஆனபின், ஷிப்ட் முடிந்து எல்லாரும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, பேசவே பேசாத ஒரு தம்பி வந்தார். "அக்கா, அந்த ரெண்டாவது வாசல்ல பெட்டிய வேற மாதிரி அடுக்கினா உடையாது, காட்டட்டுமா?" என்றார். அன்றைக்குத்தான் மாடி கட்டத் தொடங்கினோம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் அண்ணன் மகளிடமிருந்து செய்தி வந்தது. தேர்வில் ஒரு கால் சென்டர் குழுவைப் பற்றிக் கேட்டிருந்தார்களாம். கேள்வித்தாளின் ஓரத்தில் முதலில் மூன்று சொற்களை எழுதி, இரண்டை அடித்துவிட்டுத்தான் பதில் எழுதத் தொடங்கினாளாம். எதை அடிக்காமல் விட்டாள் என்று கேட்டேன்.

"என்ன," என்று பதில் வந்தது. அவள் என்னிடம் கேள்வி கேட்கிறாள் என்று நினைத்து ஒரு நிமிடம் விழித்தேன்.